நுண்ணலை அடுப்பினுள் நிற்கும் அலைகள்

(பள்ளி அறிவியல் மன்றத்தில் ஆற்றிய உரை)



நேற்றைய குழம்பை நுண்ணலை அடுப்பில் சூடாக்கி உண்டவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். ஒரு வாய் நாவைச் சுடும். அடுத்த வாய் குளிர்ந்தே கிடக்கும். இஃது அடுப்பின் பழுதன்று. அதனுள் அலைகள் ஓடாமல் நிற்பதே இதற்குக் கரணியம்.

அலை எங்ஙனம் நிற்கும்? யாழ் நரம்பை எண்ணிப் பாருங்கள். இரு முனையும் கட்டுண்ட நரம்பில், செல்லும் அலையும் மீளும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அதனால் சில இடங்கள் அசைவற்று நிற்கின்றன, அவை கணுக்கள். அவற்றிடையே மிகுதியாய் அதிரும் இடங்கள் எதிர்க்கணுக்கள். அடுப்பின் சுவர்கள் மாழையால் ஆனவை. அவை நுண்ணலையைத் திருப்பித் திருப்பி அனுப்புவதால், உள்ளேயும் இவ்வாறே நிலையலைகள் அமைகின்றன. எதிர்க்கணுவில் மின்புலம் நொடிக்கு 245 கோடி முறை அதிர்ந்து, உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அலைக்கழித்துச் சூடேற்றுகிறது. கணுவிலோ மின்புலம் இல்லை. அங்குக் காந்தப்புலம் உண்டெனினும் அது சோற்றைச் சுடாது.

இதனைக் கண்ணால் காண நம் அப்பளமே போதும்! பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். சுழல்தட்டை எடுத்துவிட்டு, சுழலாதவாறு ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பொரிக்காத அப்பளங்களைப் பரப்புங்கள். அடுப்பை இயக்கிக் கதவின் வழியே உற்றுப் பாருங்கள். அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் பொரிந்தெழும். உடனே நிறுத்துக, விட்டுவைத்தால் சூடு பரவித் திட்டுகள் ஒன்றாகிவிடும், அப்பளமும் கருகும்.

அடுத்தடுத்த திட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்திடுக. நிரவல் 6.2 செ.மீ. எனக் கொள்வோம். எதிர்க்கணு இரண்டின் இடைவெளி அரை அலைநீளம். எனவே அலைநீளம் 12.4 செ.மீ. இதனை அடுப்பின் பின்புறம் பொறித்துள்ள அதிர்வெண்ணால் பெருக்கினால் நொடிக்கு 3,038 கோடி செ.மீ., அஃதாவது 3,03,800 கி.மீ. கிடைக்கும். ஒளியின் விரைவு 2,99,792 கி.மீ. அப்பளத்தைக் கொண்டு ஒளியை அளந்துவிட்டோம்!

எல்லா அடுப்பும் இத்துணை நேர்மையாய் விடை தாராது. நரம்பில் அலை ஒரே நெறியில் ஓடுகிறது. அடுப்பிலோ ஆறு சுவர்களும் அலையைத் திருப்புகின்றன. அதனால் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறும். இடைவெளிகள் சில 8 செ.மீ.க்கும் போகலாம். உள்ளே வைக்கும் உணவும் அமைப்பை மாற்றும். ஆகவே பலமுறை அளத்தல் வேண்டும்.

சுழல்தட்டு உணவைக் கணுவினின்று எதிர்க்கணுவிற்கு நகர்த்துகிறது. ஆனால், தட்டின் நடுப்புள்ளி நகர்வதில்லை! அங்கே கணு அமைந்தால் அவ்விடம் குளிர்ந்தே இருக்கும். ஆதலின் கிண்ணத்தை நடுவில் வையாது ஓரமாய் வையுங்கள். இடையில் எடுத்துக் கிளறுங்கள். குழந்தைக்குரிய பாற்புட்டியை இவ்வடுப்பில் சூடாக்கவே வேண்டா. புட்டியின் புறம் வெதுவெதுப்பாய் இருக்கையில், உள்ளே ஓரிடத்துப் பால் பிள்ளையின் வாயைப் புண்ணாக்கும் அளவு கொதித்திருக்கக் கூடும்.