பணமா, பழுதுபார்ப்பா: முதலில் கேட்டவர் யார்?



வீட்டுக்குச் சேதம் வந்தபின் காப்பீட்டு நிறுவனம் தன் ஆட்களை அனுப்பிப் பழுதுபார்த்துத் தரலாம். அல்லது ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். இந்த இரண்டில் எது நல்லது என்று இந்தக் கருத்தரங்கில் இன்று நாள் முழுவதும் பேசப்போகிறோம். நாடு தோறும் சட்டம் வேறுபடுவதால், நான் வழக்காடிப் பழகிய ஆஸ்திரேலியாவோடு, குறிப்பாக நியூ சவுத் வேல்ஸோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2022 பிப்ரவரி, மார்ச் வெள்ளம் இந்தக் கேள்வியை இங்கே வீதிக்குக் கொண்டுவந்தது. லிஸ்மோரில் ஆறு 14 மீட்டருக்கு மேல் ஏறியது. ஒரே மாதத்தில் பல்லாயிரம் வீடுகளுக்கு பில்டர்கள் தேவைப்பட்டார்கள். ஆளும் கிடைக்கவில்லை, மரமும் கிடைக்கவில்லை. நிறுவனங்கள் பலருக்கும் தொகையை நீட்டின. அந்தத் தொகையில் வீடு எழும்பாது என்பதைப் பலர் கையெழுத்திட்ட பிறகே அறிந்தார்கள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். பணம் வாங்குவதா, வேலை செய்துகொள்வதா என்பது வீட்டுக்காரரின் உரிமை என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அப்படியில்லை. பழுதுபார்ப்பதா, மீண்டும் கட்டுவதா, பணம் தருவதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நிறுவனமே வைத்துக்கொள்கிறது. 1984ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம் இரு தரப்பும் மிகுந்த நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. அதிகாரத்தைப் பயன்படுத்தும்போதும் அந்தக் கடமை உண்டு. ஆகவே நமக்கு மிஞ்சுவது சம்மதிப்பது, மறுப்பது, பேரம் பேசுவது ஆகிய மூன்றும்தான். பேரத்தை எங்கே தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரே சேதத்துக்கு இரண்டு விலைகள் உண்டு. நிறுவனத்தோடு ஆண்டு முழுவதும் வேலை செய்யும் பில்டர் அதற்குச் சொல்லும் விலை ஒன்று. அதே வேலைக்கு நீங்களோ நானோ தனியாகப் போய்க் கேட்டால் சொல்லப்படும் விலை இன்னொன்று. மொத்தமாக வேலை கிடைப்பதால் முதல் விலை குறைவாகவே இருக்கும். எந்த விலையில் பணம் வரும் என்பதைப் பெரும்பாலும் ஒரு சின்னச் செய்தி தீர்மானிக்கிறது: பணத்தைப் பற்றி முதலில் பேசியவர் யார்? நிறுவனம் வேலை செய்யத் தயாராக இருந்தும் நீங்கள் பணம் கேட்டால், தனக்கு ஆகும் விலையைத்தான் தருவேன் என்று பல பாலிசிகள் எழுதி வைத்திருக்கின்றன. நிறுவனமே பணத்தைத் தேர்ந்தால் நிலைமை மாறும். நீங்கள் வெளியே செலவழிக்க வேண்டிய நியாயமான விலையைத் தர வேண்டும் என்றுதான் இங்குள்ள நிதிப் புகார் ஆணையமான ஆஃப்கா பொதுவாகப் பார்க்கிறது. "இந்த பில்டர் வேண்டாம், காசைக் கொடுத்துவிடுங்கள்" என்று கோபத்தில் தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியம் பிறகு கோப்பில் உட்கார்ந்துகொண்டு பல ஆயிரம் டாலரைக் குறைத்துவிடும்.

கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மேற்கு சிட்னியில் 1970களில் கட்டிய செங்கல் வீடு. குளியலறைக் கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் வளைகுழாய் இரவில் வெடித்துவிட்டது. நீர் கூடம் வரை ஓடி, மரத்தூள் பலகைத் தரை வீங்கி, ஜிப்சம் சுவரின் அடிப்பகுதி ஊறிவிட்டது. நிறுவனத்தின் பில்டர் வந்து பார்த்து 38,000 டாலர் என்று எழுதிக்கொடுக்கிறார். அந்த பில்டருக்கு வேறு வேலைகளும் காத்திருக்கின்றன என்று சொல்லி, நிறுவனம் அதே 38,000 டாலரைப் பணமாகத் தர முன்வருகிறது.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த 38,000 எதற்கு என்று கேட்பது. கூட்டுத்தொகை மட்டும் போதாது. எந்தச் சுவர், எத்தனை சதுர மீட்டர், எந்தப் பொருள் என்று வரிவரியாக எழுதிய வேலைப் பட்டியல் வேண்டும். அதை வாங்கித் தன் பில்டரிடம் கொடுத்து, "இதே பட்டியலுக்கு விலை சொல்லுங்கள், விடுபட்டதைத் தனியே எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். பட்டியல் இல்லாமல் இரண்டு விலைகளை ஒப்பிட்டால், வேறு வேறு வேலைகளை ஒப்பிட்டதாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் வீட்டுக்காரரின் பில்டர் அதே பட்டியலுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 49,000 என்கிறார். விடுபட்டது ஒன்றையும் சுட்டுகிறார்: குளியலறை ஓடுகளுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் பலகை. அந்தக் காலத்து வீடுகளில் அது சாதாரணம். நியூ சவுத் வேல்ஸில் 10 சதுர மீட்டருக்கு மேல் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் பலகையை உரிமம் பெற்றவர்தான் அகற்றலாம், அதற்கு 4,500. இனி, தரையைப் பெயர்த்த பிறகுதான் கீழே உள்ள மரச்சட்டங்களின் நிலை தெரியும். தெரியாத அந்தச் செலவுக்கு 49,000இல் பத்தில் ஒரு பங்கு, 4,900 ஒதுக்குவோம். மொத்தம் 58,400. கொடுக்க வந்த தொகைக்கும் இதற்கும் 20,400 டாலர் இடைவெளி. எக்ஸஸ் என்று நம் பங்காகக் கழிப்பது இதற்கு மேல்.

அந்த 4,900ஐப் பற்றி நான் கொஞ்சம் தங்கிப் பேச விரும்புகிறேன். நிறுவனம் வேலை செய்து கொடுக்கும்போது, காப்பீட்டுக்கு உட்பட்ட சேதம் தரைக்குக் கீழே கூடுதலாகத் தெரிந்தால், அந்தச் செலவு அதனுடையது. பணம் வாங்கிய நாளிலேயே அந்த அபாயம் வீட்டுக்காரர் தோளுக்கு மாறிவிடுகிறது. பொருள் விலை ஏறினாலும், பில்டர் நடுவில் கைவிட்டாலும் அவர்தான் பொறுப்பு. ஆகவே பணத் தீர்வில் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு கேட்பது பேராசை ஆகாது. அபாயத்தை வாங்கிக்கொள்வதற்கான விலை அது.

இந்த வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்து காட்டியது. 2010, 2011 கான்டர்பரி நிலநடுக்கங்களுக்குப் பிறகு, அரசுக்குச் சொந்தமான சதர்ன் ரெஸ்பான்ஸ் நிறுவனம் ஒரு தம்பதிக்கு மறுகட்டுமானச் செலவின் சுருக்கிய மதிப்பீட்டைக் கொடுத்தது. நிறுவனத்திடம் இருந்த முழு மதிப்பீட்டில் வல்லுநர் கட்டணம், எதிர்பாராச் செலவு போன்ற வரிகள் கூடுதலாக இருந்தன. தம்பதிக்கு அவை தெரியவில்லை. சுருக்கிய எண்ணை நம்பி அவர்கள் பணத் தீர்வை ஏற்றார்கள். 2019இல் உயர் நீதிமன்றமும், 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், நிறுவனம் அவர்களைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்பளித்தன. அதே நாட்டில் நிறுவனம் செய்துகொடுத்த பழுதுபார்ப்பும் பழுதில்லாமல் போகவில்லை. நிலநடுக்க ஆணையம் மேற்பார்வையிட்ட திட்டத்தில் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. அவற்றில் பல வீடுகளை மீண்டும் திறந்து வேலை செய்ய வேண்டி வந்தது. தரைமட்டம் சரிசெய்த இடங்களில்தான் குறை அதிகம். ஆகவே பழுதுபார்ப்பு என்றாலே பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பொதுக் காப்பீட்டு நடைமுறை விதித்தொகுப்பின்படி, நிறுவனம் தானே தேர்ந்து அனுமதித்த பில்டரின் வேலைத் தரத்துக்கும் பொருளுக்கும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். குறை தெரிந்தால் பில்டரைத் தேடி அலையாமல் நிறுவனத்தின் கதவைத் தட்டலாம்.

என் தேர்வுமுறை இதிலிருந்துதான் வருகிறது. சேதத்தின் எல்லை கண்ணுக்குத் தெரியாதபோது, அதாவது அஸ்திவாரம், தரைச்சட்டம், கூரை அமைப்பு, ஆஸ்பெஸ்டாஸ், வெள்ளம் ஊறிய சுவர் என்று வரும்போது, நிறுவனம் வேலை செய்வதையே வலியுறுத்துவேன். சேதம் முழுவதும் திறந்து பார்க்கப்பட்டு, விலை உறுதியாகி, நம்பகமான பில்டர் தேதி கொடுத்திருந்தால் பணம் நல்லது. குளியலறையை வேறு வடிவில் கட்ட விரும்புகிறவருக்கும், வீட்டை விற்கப் போகிறவருக்கும் அதுவே வசதி. இன்னொரு நிலையும் உண்டு. தரைச்சட்டம் பழைய ஈரத்தால் முன்பே உளுத்திருந்தால், அதன்மேல் செய்யும் வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது என்று நிறுவனத்தின் பில்டர் விலகுவார். நிறுவனம் பணத்துக்கு நகரும். அப்போது எது பழைய குறை, எது புதிய சேதம் என்று பிரித்த அறிக்கையைக் கேட்காமல் ஓர் எண்ணையும் ஏற்கக் கூடாது.

சட்டம் கையில் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல், பணத் தீர்வை முன்வைக்கும் நிறுவனம் ஒரு விவரத்தாளைத் தர வேண்டும். பாலிசிப்படி உங்களுக்குள்ள வேறு வழிகள், தரப்படும் தொகை, சுயேச்சையான ஆலோசனை பெறலாம் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். அது நல்ல தொடக்கம்தான். ஆனால் நான் மேலே சொன்ன வரிவரியான பட்டியலுக்கு அது ஈடாகாது. "பணம் தருவது உங்கள் முடிவா, ஏன்?" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

கையெழுத்துக்கு முன் சில விஷயங்கள் பாக்கி. வீட்டுக் கடன் இருந்தால் வங்கியின் பெயர் பெரும்பாலும் பாலிசியில் இருக்கும். தொகை யாருக்குப் போகும் என்று முன்பே கேளுங்கள். வேலை முடியும் வரை ஆகும் வாடகை வீட்டுச் செலவு பணத் தீர்வோடு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நீங்களே பில்டரை வைத்தால், நியூ சவுத் வேல்ஸில் முன்பணம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 20,000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு வீட்டுக் கட்டுமான இழப்பீட்டுக் காப்பீட்டின் சான்றிதழை அவர் காட்ட வேண்டும். பெரிய குறைகளுக்கு 6 ஆண்டும், மற்றவற்றுக்கு 2 ஆண்டும் சட்ட உத்தரவாதம் உண்டு. வாங்கிய பணத்தில் பழுதுபார்க்காமல் விட்டால், பிறகு அதே இடத்தில் வரும் சேதத்துக்குக் கோரிக்கை நிற்காமல் போகலாம்.

பேரிடர் காலத்தில் அவசரப்பட்டு முடித்தவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. பேரிடராக அறிவிக்கப்பட்ட நிகழ்வுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் கோரிக்கை முடிக்கப்பட்டிருந்து, இழப்பின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், முடிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று நடைமுறை விதித்தொகுப்பு சொல்கிறது; விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் கேட்கலாம். அதற்கும் நிறுவனம் இணங்காவிட்டால், கட்டணம் இல்லாமல் ஆஃப்காவிடம் போகலாம்.

அந்த மறுபரிசீலனையில் எந்த ஆதாரம் எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்பதை முதல் அமர்வின் கட்டுரைகள் ஆராய்கின்றன. கோப்புகளோடு வந்திருப்பவர்கள், உங்கள் வேலைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.