கன்று போட்ட பத்து நாள்

ஒரு கலப்பினப் பசு திங்கட்கிழமை கன்று போட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலைவரை நஞ்சுக்கொடி விழவில்லை. வெள்ளிக்கிழமை தீவனம் குறைகிறது, பாலும் குறைகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் தண்ணீராக ஒழுகுகிறது, நாற்றம் தாங்கவில்லை.

கன்று போட்ட மாட்டுக்குச் சிவந்த கழிவு இரண்டு வாரம்வரை போவது இயல்புதான். ஆனால் அது நாறாது. நாற்றம் வந்தால் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கருப்பை அழற்சி என்று சந்தேகித்து, அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். பெரும்பாலும் இது முதல் பத்து நாளுக்குள் வரும்.

அவர் சில நாளுக்குத் தொடர்ந்து ஊசி போடுவார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கினாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடியைக் கையால் பிடித்து இழுக்கவே கூடாது. கருப்பையின் உட்சுவர் கிழிந்து கிருமி உள்ளே இறங்கும்.

ஏன் இந்த அவசரம்? கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ நாற்பது நாள் ஆகும். அடுத்த கரு ஒட்டிக்கொள்ள வேண்டிய உட்சுவர் அந்த நாட்களில்தான் புதுப்பிக்கப்படுகிறது. சீழ் தங்கினால் உட்சுவர் புண்ணாகவே நிற்கும், சினைப்பருவமும் தள்ளிப்போகும். பிறகு எத்தனை சினை ஊசி போட்டாலும் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். அதனால் கன்று போட்டதிலிருந்து பத்து நாளுக்குத் தினமும் காலையில் காய்ச்சல் பாருங்கள்.