நீரிழிவும் உணவு நூல்களும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு என் மைத்துனர் ஒரு நூல் வாங்கி வந்தார். உணவினாலேயே நீரிழிவை அகற்றலாம் என்பது அதன் கூற்று. அவருக்கு வயது 60. நோய் கண்டு 14 ஆண்டுகள். கிளிமிபிரைடு மாத்திரை உண்பவர். நூலை நம்பிச் சோற்றை அறவே விட்டார், மாத்திரையை விடவில்லை. நான்காம் நாள் காலை உடல் நடுங்கி, வியர்த்து, நாக்குழறியது. விழுங்கும் அளவுக்கு நினைவிருந்ததால், தமக்கை சர்க்கரை நீர் புகட்ட, தெளிந்தார். அம்மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவில் மாவுப்பொருள் திடீரெனக் குறைந்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும்.

அப்படியாயின் நூல் பொய்யோ? அதன் ஆதாரத்தைத் தேடிப் படித்தேன். அது டைரக்ட் என்னும் பிரிட்டிஷ் ஆய்வு; பேராசிரியர்கள் மைக்கேல் லீன், ராய் டெய்லர் ஆகியோர் நடத்தி, 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டது. 306 நோயாளருள் ஒரு பாதியினர், சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் பானங்களையும் சூப்பையுமே உண்டனர். மறு பாதியினர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். ஓராண்டில் முதற் பிரிவில் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையை எய்தினர். மற்றதில் 4 பேரே. ஆகவே கூற்றில் உண்மை உண்டு. எனினும் இரண்டாண்டு முடிவில் அந்த 46, 36 ஆகக் குறைந்தது. இதை நூல் சொல்லவில்லை.

அடுத்து நான் கேட்டது, சோதிக்கப்பட்டோர் யாவர் என்பது. நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாதவர், உடல் பருத்தவர், இன்சுலின் போடாதவர். என் மைத்துனரோ 14 ஆண்டு நோயாளி. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 62 கிலோவே எடையுள்ளவர். அவரைப் போன்றோர் அவ்வாய்வில் இடம்பெறவே இல்லை. மேலும், ஆய்வில் சர்க்கரை மருந்துகளை முதல் நாளே மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினர். நூலில் இச்செய்தி ஒரே வரியில் ஒளிந்திருந்தது.

நூலின் பிற்பகுதி முழுதும் வாசகர் கடிதங்கள். ஒருவருக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை ஒரே மாதத்தில் 190இலிருந்து 130 ஆயிற்றாம். அதே மாதம் புதிய மாத்திரையும் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். எதனால் குறைந்தது என்று எவ்வாறு அறிவது? ஒப்பிட மற்றொரு பிரிவு இல்லாத இடத்தில் கடிதம் சான்றாகாது.

பின்னர் நூலையும் மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, சோற்றைப் பாதியாக்கிப் பருப்பும் காயும் கூட்டச் சொன்னார். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி, 8.4இலிருந்து 7.3 ஆயிற்று. நோய் அகலவில்லை, ஆயினும் நடுக்கம் மீண்டும் வரவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்துக்கும் இத்தகைய நூல் வரும். சோதிக்கப்பட்டோர் நம் நோயாளியைப் போன்றவரா, எதனோடு ஒப்பிட்டனர், எத்தனை ஆண்டு பார்த்தனர், மருந்தை என்ன செய்தனர் என்று கேட்டறிந்த பின்னரே அடுக்களையில் மாறுதல் செய்யுங்கள்.