டெங்கு: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது

(சங்கத்தின் செப்டம்பர் மாதக் கூட்டத்தில் நம் குடியிருப்பின் சுகாதாரத் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பொது சுகாதாரத் துறை கொடுத்திருக்கும் டெங்கு தகவல் குறிப்பைச் சுருக்கி, அக்கம்பக்கத்தாருக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். குறிப்பில் இருப்பதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் நாம் தவறிப்போகும் இடங்கள் இரண்டு இருக்கின்றன. "இதோடு முடிந்தது" என்று நாம் நிம்மதி அடையும் இடங்கள் அவை. அந்த இரண்டைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

முதலாவது, தேங்கிய தண்ணீர்.

போன மாதம் நம் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. ஹாலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மணி பிளான்ட். உற்றுப் பார்த்தால் தண்ணீருக்குள் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு அதிர்ச்சி. "வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேனே, இது எப்படி வந்தது?" என்று கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். எல்லா வாரமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பாட்டிலின் உள்பக்கத்தை மட்டும் தேய்க்கவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டி வைக்கும். முட்டை கறுப்பாக, கடுகைவிடப் பல மடங்கு சிறியதாக இருப்பதால் அழுக்கு என்றே நினைப்போம். தண்ணீரைக் கொட்டினாலும் அது சுவரிலேயே இருக்கும். காய்ந்துபோனாலும் சாகாது, மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். அந்த அம்மா புதுத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு முறையும் முட்டை பொரிவதற்கு வேண்டியதைக் கொடுத்திருக்கிறார்.

மொட்டை மாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லுக்கும் இதே கதைதான். கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும். முதல் மழையில் குழி நிரம்பியதும், போன மழையில் இட்ட முட்டைகள் பொரியத் தொடங்கும்.

ஆகவே கொட்டிய பிறகு தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் நாரோ பிரஷோ போதும். தண்ணீர் நின்ற கோட்டையும் அதற்கு மேல் இரண்டு விரல் அகலத்தையும் அழுத்தித் தேயுங்கள். தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் மண்ணிலோ வெயில் படும் தரையிலோ ஊற்றுங்கள்.

ஏன் வாரம் ஒரு முறை என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கு எளிது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை தேய்த்தால், அடுத்த ஞாயிறு வரும்போது அநேகமாகப் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோதான் இருக்கும். அப்போது மறுபடி தேய்த்தால் பறப்பதற்கு முன்பே போய்விடும். ஒரு ஞாயிறு விட்டுவிட்டால், அடுத்த ஞாயிறுக்குள் கொசுக்கள் பறந்துபோயிருக்கும்.

எங்கே பார்ப்பது? வாசலில் தேங்கும் சாக்கடையைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். ஏடிஸ் விரும்புவது தெளிந்த தண்ணீரை, அதுவும் வீட்டுக்கு உள்ளேயும் வீட்டை ஒட்டியும். நான் புழுவைப் பார்த்த இடங்களைச் சொல்கிறேன்: பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஏசி தண்ணீர் விழும் பக்கெட், பூட்டிய வீட்டின் பால்கனியில் கிடந்த வாளி, சன்ஷேடில் கிடந்த கொட்டாங்குச்சி. மொட்டை மாடித் தொட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தால் அதுவும் ஒன்று. சம்ப்பை வாராவாரம் காலி செய்ய முடியாது. அதற்கு இடைவெளி இல்லாத மூடியும், காற்றுக் குழாயில் கொசுவலையும் வேண்டும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது அவர்களே சரியான அளவில் மருந்து ஊற்றுவார்கள். அவர்களைக் கதவோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

புகை மருந்து அடிக்கச் சொல்லி எனக்கு அடிக்கடி போன் வருகிறது. புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவையோ சுவரில் இருக்கும் முட்டையையோ அது தொடாது. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணி தொங்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கும் ஏடிஸுக்குத் தெருவில் அடிக்கும் புகை போய்ச் சேருவதே கடினம். புகை அடித்த நிம்மதியில் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டால் அடுத்த வாரம் புதுக் கொசு வந்துவிடும்.

இந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதையும் நினைவில் வையுங்கள். காலையிலும், பொழுது சாயும் முன்பும் அதிகம் கடிக்கும். இரவுக்கு மட்டும் கொசுவலை கட்டுவது போதாது. மதியம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

இரண்டாவது, காய்ச்சல் விடும் நாள். இதில் தவறியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நம் குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையனுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது. 103 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி. செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. டாக்டர் பாரசிட்டமால் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. அவன் அம்மா எனக்குப் போன் செய்து சொன்னபோது, "அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு" என்று நான்தான் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் அவன் மூன்று முறை வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்றான். காய்ச்சல்தான் இல்லையே, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் நினைத்தார்கள். மாலையில் அவன் அத்தை வந்து கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சலைன் ஏற்றி, இரவு முழுக்கக் கவனித்துக் காப்பாற்றினார்கள். இன்று அவன் வேலைக்குப் போகிறான். அத்தை வர இன்னும் சில மணி நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. நோய் தொடங்கி மூன்றிலிருந்து ஏழாவது நாளுக்குள், காய்ச்சல் குறைந்த பின் வரும் 24 முதல் 48 மணி நேரம் அது. அப்போது சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் குணமாகிவிடுகிறார்கள். யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் எல்லோரையும் அந்த இரண்டு நாள் கவனிக்க வேண்டியிருக்கிறது. முன்பே ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கவனிக்க வேண்டியவை இவை: கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், வேகமான மூச்சு, கை கால் சில்லிடுவது, அளவுக்கு மீறிய சோர்வு அல்லது நிலைகொள்ளாமை. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் அதுவும் எச்சரிக்கைதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

வீட்டில் இருக்கும்போது மாத்திரையிலும் ஒரு எச்சரிக்கை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. உடம்பு வலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும். "சீக்கிரம் விடட்டும், ஒரு ஊசி போடுங்கள்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறீர்கள். அந்தப் பையனுக்கும் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் பிளேட்லெட் ஏற்றவில்லை. ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது, அழுத்தம் எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் மணிக்கு மணி பார்த்தார்கள். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் நம் ஊரில் பலர் குடிக்கிறார்கள். எதைக் குடித்தாலும், அதை நம்பி அந்த இரண்டு நாள் கவனத்தைக் கைவிடக் கூடாது.

காய்ச்சல் உள்ளவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுவின் உடலில் வைரஸ் பெருக எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். பிறகு அந்தக் கொசு சாகும்வரை, கடிக்கிறவர்களுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். ஏடிஸ் பொதுவாக அதிக தூரம் பறப்பதில்லை, பக்கத்து வீடும் மேல் வீடும்தான் அதன் எல்லை. அதனால் உங்கள் வீட்டில் யாருக்காவது டெங்கு என்றால் மறைக்காமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சுற்றியுள்ள வீடுகளில் அன்றே தேட முடியும்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் ஒவ்வொரு தளமாக வருகிறோம். கையில் டார்ச்சும் பிரஷும் இருக்கும். பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்திருங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.