காஞ்சிபுரம் கிராமங்களில் ஒரு மனநலச் சோதனை

மயிலாப்பூரிலோ அடையாறிலோ குடியிருப்பவருக்கு மனநல மருத்துவர் ஓர் ஆட்டோ தூரம். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரருக்கு அது பேருந்துச் செலவு, போன ஒரு நாள் கூலி, கூட வர ஓர் ஆள். மாத்திரை பாதியில் நின்றுபோவதற்கு இதுவே போதும்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். ஓய்வுக்குப் பிறகு, 1984-இல், மனச்சிதைவு நோயாளிகளுக்காகச் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவர் செய்யும் வேலையில் ஒரு பங்கை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியோடு நடந்த 'காப்ஸி' ஆய்வில் ஸ்கார்ஃப் பங்கேற்றது. காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா என்று மூன்று இடங்கள். முடிவுகள் 2014-இல் 'லான்செட்' இதழில் வந்தன.

சேர்ந்த மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர். மருத்துவரும் மருந்தும் எல்லோருக்கும் உண்டு. குலுக்கல் முறையில் தேர்வான 187 பேருக்கு மட்டும், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அவர் மருந்து எழுத மாட்டார். மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வார். நோய் திரும்பத் தலைகாட்டினால் எப்படிக் கண்டுகொள்வது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருவார். குளியல், சமையல், வேலைக்குப் போவது எனப் பழைய வாழ்க்கையை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழக்குவார். அவருக்கு மேலே மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார்.

12 மாதம் கழித்துப் பார்த்தால், அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனில் பணியாளர் வந்த வீடுகளுக்குத் தெளிவான முன்னேற்றம். நோய் அறிகுறிகளில் கிடைத்தது சொற்பம்: 30-இல் தொடங்கி 210 வரை போகும் அளவுகோலில் 3.75 புள்ளி வித்தியாசம். அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. அறிகுறி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்கள் இரு தரப்பிலும் 51 விழுக்காடுதான். அக்கம்பக்கத்தாரின் இழிபார்வையும் குறையவில்லை, பராமரிப்பவரின் சுமையும் குறையவில்லை.

பலன் அதிகம் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில். மருத்துவர் எட்டாத இடத்தில்தான் வீடு தேடி வருபவருக்கு வேலை அதிகம் என்பது என் ஊகம். அப்படியென்றால் இதே முடிவைத் தி.நகருக்கு அப்படியே பொருத்த முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். "மனச்சிதைவுக்கும் இப்படிப் பணியாளரை வைத்தாலே வேலை நடக்கும், ஆய்வே சொல்லிவிட்டது" என்று யாராவது காப்ஸியைக் காட்டினால் கேளுங்கள்: அவருக்கு எத்தனை வீடு? அவர் தடுமாறும்போது யாரைக் கேட்பார்? காப்ஸியில் மருத்துவரை எடுத்துவிட்டுப் பணியாளரை வைத்துப் பார்க்கவே இல்லை. மருத்துவரோடு பணியாளரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்த்தார்கள். அதுவும் 12 மாதம் மட்டும். மனச்சிதைவோ பலருக்கு ஆயுள் முழுக்கக் கூட வருவது.