கதிரையிலிருந்து எழும்பும் பயிற்சி

(ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கான கூட்டத்தில் வைத்தியசாலை இயன்மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் உள்ளே வரும்போது வாசலில் ஒரு ஐயா கேட்டார்: "நாப்பது வருஷம் மலை ஏறி இறங்கின எங்களுக்கு என்னம்மா தேகப்பயிற்சி?" நியாயமான கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். தசை பழைய கணக்கை வைத்திருக்காது. வேலையை விட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தால் சில மாதங்களிலேயே தொடைத் தசை இளைக்கத் தொடங்கும். வயது கூடக் கூட அது இன்னும் வேகமாக நடக்கும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்த கால் என்று அது சலுகை தராது. ஆனால் எழுபதிலும் எண்பதிலும்கூட வேலை கொடுத்தால் தசை திரும்பப் பலம் பெறும்.

எங்களிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயது 68. கொழுந்து மலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இராத்திரி வெளியே இருக்கும் கக்கூசுக்குப் போக எழுந்தவர், கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திய பிறகு என்னிடம் அனுப்பினார்கள். வழுக்கி விழுந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். நான் அவரைக் கதிரையில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டச் சொல்லி, "எழும்புங்கள்" என்றேன். முயன்றார், முடியவில்லை. அவரை விழுத்தியது தரையல்ல, தொடையில் பலம் இல்லாததுதான்.

இதை ஒரு பரிசோதனையாகவே செய்கிறோம். கையை ஊன்றாமல் 30 செக்கனில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுவோம். 65க்கும் 69க்கும் இடைப்பட்ட பெண் 11 முறைக்கும், ஆண் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால், விழும் ஆபத்து அதிகம் என்று பார்க்கிறோம். வயது கூடும்போது இந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும். கையை ஊன்றினால் கணக்கு பூச்சியம். அந்த அம்மாவுக்கும் பூச்சியம்தான்.

பரிசோதனையே பயிற்சியும்கூட. கைப்பிடி இல்லாத உறுதியான கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் கதிரை பின்னால் வழுக்கும், அதற்காகத்தான் சுவர். சேலையை, சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். கதிரையின் முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைத்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வருமளவுக்கு முன்னால் குனிந்து, மூச்சை வெளியே விட்டபடி எழும்புங்கள். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும். முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொடைக்குப் பாதி வேலை இறங்கும்போதுதான்.

எழும்பவே முடியாதவர் என்ன செய்வது? கதிரையை உயர்த்த வேண்டும். அந்த அம்மாவுக்கு இரண்டு கம்பளிகளை மடித்துப் போட்டோம். ஐந்து முறை எழும்புவார், ஒரு நிமிஷம் களையாறுவார், திரும்ப ஐந்து முறை. கிழமைக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முடிக்கும்போது இன்னும் இரண்டு தடவை எழும்பலாம் போல இருந்தால் அளவு சரி. ஐந்து முடியாவிட்டால் மூன்று செய்யுங்கள். இங்கே அரைப் பேர் கிடையாது, மூன்று செய்தாலும் முழுப் பேர்தான்.

மூன்றாம் கிழமை ஒரு கம்பளியை எடுத்தோம். நான்காம் கிழமை சிக்கல் வந்தது. கால் கொஞ்சம் தெம்பானதும் அவர் கோயில் திருவிழாவுக்கு நீண்ட பள்ளம் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடைச் சதையில் ஒன்றிரண்டு நாள் உளைச்சல் இருந்தால் அது வேலை செய்ததன் அடையாளம், பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் வலி, வீக்கம், சூடு இருந்தால் அது அளவு மீறியதன் அடையாளம். வீக்கம் வற்றும்வரை நிறுத்தி, பிறகு பாதி அளவில் தொடங்கினோம். கம்பளி இல்லாமல் எழும்ப ஏழு கிழமை ஆனது. பன்னிரண்டாம் கிழமை 30 செக்கனில் 9 முறை எழுந்தார். 11 இன்னும் வரவில்லை, தொடர்ந்து செய்கிறார்.

கால் தெம்பானால் மட்டும் போதாது, நிலை தடுமாறாமல் நிற்கவும் பழக வேண்டும். கனமான மேசையைப் பிடித்துக்கொண்டு, யாராவது பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில், ஈரச் சீமெந்தில் வேண்டாம். முதலில் இரண்டு பாதங்களையும் சேர்த்து 10 செக்கன் நில்லுங்கள். அது சுலபமானால் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வையுங்கள். அதன்பிறகு ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொட, ஒரே கோட்டில் நில்லுங்கள். இரண்டு கையால் பிடிப்பது ஒரு கையாகி, பிறகு ஒரு விரலாக வேண்டும். கோட்டில் 10 செக்கன் நிற்க முடியாதவர் இராத்திரி தனியாக வெளியே இறங்க வேண்டாம். கிழமைக்கு மூன்று நாள் கதிரைப் பயிற்சியோடு சேர்த்தே இதையும் செய்யலாம்.

நடப்பதைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மலையில் தொடங்க வேண்டாம். தோட்டத்து ரோட்டில் சமமான துண்டொன்றைப் பார்த்து, முதலில் 10 நிமிஷம் நடங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். கிழமைக்குக் கிழமை ஓரிரு நிமிஷம் கூட்டுங்கள். கிழமைக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதை எட்ட மாதக்கணக்கானாலும் பரவாயில்லை. ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். அதனால் இறக்கத்தைக் கடைசியாகச் சேருங்கள். பின்வார் இல்லாத ரப்பர் செருப்பு, ஈரப் புல்லில் காலை விட்டுக் கழன்றுவிடும். அட்டைக்குப் பயந்து உதறியே விழுந்தவர்களும் உண்டு!

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்காதீர்கள், மடியில் கொஞ்சம் சீனி வைத்திருங்கள். கால் மரத்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் காயம் உண்டா என்று பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், படுக்கையிலிருந்து எழுந்தால் கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு நின்று பத்து எண்ணிவிட்டு நடங்கள். அந்த அம்மா விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நெஞ்சுவலி உள்ளவர்கள், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர்கள், அண்மையில் விழுந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றுகிறவர்கள் முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ ஓடினாலோ உடனே உட்காருங்கள், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வரும் வழியைத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவர் பேசட்டும்.

இப்போது கதிரைகளைச் சுவரோரம் இழுத்துப் போடுங்கள். இரண்டு இரண்டு பேராக, ஒருவர் எழும்ப மற்றவர் பக்கத்தில் நிற்கட்டும். முழங்கால் வீங்கியிருப்பவர்கள் தொடங்காமல் முதலில் என்னிடம் வாருங்கள்.