ஆர்டர் பெருகுது, காசு எங்கே?



கரூர் போர்வைகளை ஆன்லைனில் விற்கிறேன். "ஆர்டர் இரட்டிப்பாச்சு, கையில ஏன் காசில்லை?" என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான்.

தறிக்காரருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினால் 7 நாளில் சரக்கு வரும். 20 நாளுக்கான சரக்கை ஒரே லாட்டாக எடுப்போம். டெலிவரிக்கு 5 நாள். அதற்கு மேல் 8 நாள் கழித்துத்தான் விற்பனைத் தளம் பணம் அனுப்பும். ஆக, 40 நாள் பணம் வெளியே நிற்கிறது.

அடக்கவிலை 300 ரூபாய். தினம் 10 போர்வை விற்றால் முடங்குவது 1,20,000. தினம் 20 விற்றால் 2,40,000! ஒரு போர்வைக்கு லாபம் 40 ரூபாய். பழைய விற்பனையில் தினம் கிடைத்த 400 ரூபாயை வைத்து அந்தக் கூடுதல் 1,20,000-ஐச் சேர்க்க 300 நாள் ஆகும். வளர்ச்சி அவ்வளவு நாள் காத்திருக்குமா?

பேங்க் கடனுக்கு ஓடுமுன் லாட்டைச் சுருக்கினோம். வாரம் ஒருமுறை எடுத்தால் 40 நாள் 27 ஆகிறது. 2,40,000 என்பது 1,62,000 ஆகிறது. லாரி வாடகை சற்றுக் கூடும், கூடட்டும். ஆனால் ஒன்று, திரும்பி வரும் சரக்கின் தொகையை அடுத்த பட்டுவாடாவில் பிடித்துக்கொள்வார்கள். தீபாவளி விற்பனைக்குப் பின் வரும் பட்டுவாடா மெலிந்திருப்பது அதனால்தான். அந்தப் பணத்தை நம்பித் தறிக்காரருக்குத் தேதி சொல்வதில்லை.